கடைசியாக ஓடி வந்த பிள்ளையைப் பற்றி நான் பேசியது

நான் எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். அதன் பிறகு மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்தேன். இடுப்பு ஒத்துக்கொள்ளாமல் தோட்டத்து வேலைப் பட்டியலிலிருந்து பேரை வெட்டிக்கொண்ட பிறகு, அதே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு சமைக்கிறேன். நாலு பேர் சேர்ந்து நிற்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. சமையலறைக்கு யாராவது வந்தால்கூட அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டுதான் பதில் சொல்வேன்.

அப்படிப்பட்ட என்னிடம்தான் ஒரு நாள் பள்ளிக்கூடத்து அதிபர் வந்து, "அம்மா, இந்த வருஷம் விளையாட்டுப் போட்டிக்கு நீங்கதான் பரிசு குடுக்கப் போறீங்க. ரெண்டு வார்த்தை பேசவும் வேணும்" என்றார்.

பயறு கழுவிக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது.

"சேர், பயறு வேகலைன்னா அதை நேரா சொல்லுங்க. இப்படியெல்லாம் பயமுறுத்தாதீங்க" என்றேன்.

அவர் சிரித்தார். ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. போன வருஷம் பரிசு கொடுக்க வந்த பெரிய மனிதர் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தாராம். பிள்ளைகள் வெயிலில் வரிசையில் நின்று, இரண்டு சின்னதுகள் மயங்கி விழுந்ததை நானும்தான் பார்த்தேன். வந்தவர் தன்னைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். முதலாவது வந்தவர்களோடு படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். "ஓடின பிள்ளைங்களைப் பத்தி ஒரு சொல் இல்லை அம்மா. இந்தப் பிள்ளைங்க மூச்சு வாங்குறதை டெய்லி பாக்கிறவங்க ஒருத்தர் பேசட்டும்" என்றார் அதிபர்.

முடியாது என்று மூன்று நாள் சொன்னேன். நாலாம் நாள் சம்மதித்தேன். அதற்கு ஒரு பிள்ளைதான் காரணம்.

அந்தப் பிள்ளைக்குப் பதினைந்து வயது. எங்கள் லயத்து வீட்டு வரிசையிலேயே என் காம்பராவிலிருந்து மூன்று காம்பரா தள்ளி அத்தையோடு இருந்தாள். தாய் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். தகப்பன் கொழும்பில் ஏதோ கடையில் வேலை. படிப்பில் நடுத்தரம். ஆனால் ஓட வேண்டும் என்று ஒரு பிடிவாதம். விடிவதற்கு முன் மேல் டிவிஷன் போகும் தார் ரோட்டில் ஏறி, கோயில் வளைவு வரை ஓடிவிட்டுத் திரும்புவாள். பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க நான் போகும்போது அவள் முகம் கழுவிக்கொண்டிருப்பாள். அங்கேதான் எங்கள் பழக்கம். அவள் பேசுவாள், நான் கேட்பேன். வேறு யாரிடமும் சொல்லாததையும் என்னிடம் சொல்வாள்.

அவளைப் படிப்பை நிறுத்திக் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பிவிட வேண்டும் என்று அத்தை சொல்லிக்கொண்டிருந்தாள். அத்தையையும் குறை சொல்ல முடியாது. அவளுக்கும் மூன்று பிள்ளைகள். கடைசியில், "சரி, விளையாட்டுப் போட்டி முடியட்டும். பள்ளிக்கூடத்துல உனக்கு என்ன மரியாதைன்னு நானும் வந்து பாக்குறேன். அப்புறம் முடிவு பண்ணுவோம்" என்று சொல்லியிருந்தாள். பிள்ளை அந்த ஒரு நாளைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் ஜெயிக்கமாட்டாள் என்று எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். எண்ணூறு மீட்டரில் அவளோடு ஓடுகிற மற்ற பிள்ளைகள் இரண்டு வருஷமாகப் பழகியவர்கள், இவள் தை மாதம்தான் ஆரம்பித்தாள். மேடையில் ஒருத்தர் அவள் பாடுபட்டதைச் சொன்னால் அத்தை மனம் மாறுவாள் என்று எனக்குத் தோன்றியது. அதற்காகத்தான் தலையை ஆட்டினேன்.

எனக்குப் பேசச் சொல்லிக்கொடுத்தது விளையாட்டு டீச்சர். பசறைப் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிற இளம் பெண். இடைவேளையில் சமையலறைக்கு வந்து, அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு, கொப்பித் தாளில் எழுதினாள்.

"மூணு நிமிஷம் போதும் அம்மா. பேச்சுக்குப் பிறகுதான் முயற்சிச் சான்றிதழ் குடுக்கிறோம். அதுக்கும் பிறகுதான் எந்த இல்லம் முதலாவதுன்னு சொல்லிக் கப் குடுக்கிறது. கப்பைக் குடுத்துட்டா ஒரு பிள்ளையும் வரிசையில நிக்காது, துள்ளிக்கிட்டு ஓடிரும். அதனால சான்றிதழ் முன்னாடியே குடுத்துறணும். ஆனா பேச்சு நீண்டாலும் தப்புதான். எல்லாக் கண்ணும் கப் மேலயே இருக்கும்."

"ஜெயிச்ச பிள்ளையைப் பத்தி என்ன சொல்றது?"

"முதல்ல அவங்களைத்தான் நல்லாப் பாராட்டணும். மத்தவங்களைத் தூக்கிவிடுறதுக்காக ஜெயிச்சவங்களைக் கொறைக்கக் கூடாது. 'எல்லாருமே ஜெயிச்ச மாதிரிதான்'னு சொல்லவே சொல்லாதீங்க. பிள்ளைங்களுக்குத் தெரியும், அது பொய்யின்னு. 'தோத்தாலும் பரவாயில்ல'ன்னும் வேணாம். தோத்த பிள்ளைக்கு அது பரவாயில்லாத காரியமா?"

"அப்ப என்னதான் டீச்சர் சொல்றது?"

"கண்ணால பாத்ததைச் சொல்லுங்க. யாரு என்ன செஞ்சா, அதை மட்டும். இங்க பாருங்க, ரெண்டு வரி காலியா விட்டிருக்கேன். அன்னைக்குப் பாக்கிறதை அதுல நெரப்பிக்கிடணும். செஞ்சதைச் சொல்லுங்கம்மா. பிள்ளைக்கிட்ட என்ன இல்லைங்கிறதைச் சொல்லாதீங்க. அப்புறம் ஒரு பிள்ளையோட பேரைச் சொல்றதா இருந்தா, முன்கூட்டியே அதுக்கிட்ட கேட்டுக்கிடுங்க."

கேட்டேன். பீலிக்கரையில் வைத்து அந்தப் பிள்ளையிடம் கேட்டேன். வெட்கப்பட்டாள். பிறகு, "நேரம் கொறைஞ்சதை மட்டும் சொல்லுங்க அம்மாயி. தை மாசம் நாலு நிமிஷம் பத்து செக்கன். இப்ப மூணு நாப்பது. டீச்சர் எழுதி வச்சிருக்காங்க. வேற ஒண்ணும் வேணாம்" என்றாள்.

"சரிடீ" என்றேன்.

இதை ஏன் இவ்வளவு விளக்கமாக எழுதுகிறேன் என்றால், எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்று நான் சொல்ல முடியாது. எல்லாம் சொல்லித்தந்தார்கள்.

போட்டி அன்று காலை மழை விட்டிருந்தது. மைதானத்தில் ஓடுபாதையில் தண்ணீர் தேங்கி நின்றது. பெரிய வகுப்புப் பிள்ளைகள் சாக்கைப் போட்டுத் தண்ணீரை ஒத்தி எடுத்து, வாளியில் பிழிந்து, திரும்பச் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். பிள்ளைகளைப் பிரித்திருந்த மூன்று இல்லங்களும் மூங்கிலும் பன்னைத் தழையும் வைத்துக் கூடாரம் கட்டியிருந்தன. சிவப்பு, நீலம், பச்சை. என்னை முன்வரிசையில் அதிபருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். என் நெஞ்சில் ஒரு பூப்பட்டியைக் குத்திவிட்டார்கள். பின்னால் பெற்றோர் கூட்டத்திலிருந்து என்னோடு கொழுந்தெடுத்தவள் ஒருத்தி, "ஏக்கா, துரைசாணி மாதிரி இருக்கீங்க! காலை மேல தூக்கிப்போட்டு ஒக்காருங்க!" என்று கத்தினாள். நான் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

பார்த்ததையெல்லாம் பென்சிலால் அந்தக் காலி வரிகளில் எழுதிக்கொண்டேன். அஞ்சல் ஓட்டத்தில் நீல இல்லத்துச் சின்னப் பிள்ளை ஒன்று கையில் வாங்கிய கோலைக் கீழே விட்டது. விட்ட பிள்ளைதான் எடுக்க வேண்டுமாம். திரும்பி ஓடி, புல்லில் தேடி எடுத்துக்கொண்டு, மற்ற இரண்டு இல்லமும் முடித்த பிறகும் அடுத்த பிள்ளையிடம் கொண்டுபோய்க் கொடுத்தது. அதை எழுதினேன்.

எண்ணூறு மீட்டருக்கு எங்கள் மைதானத்தில் ஐந்து சுற்று. ஆறு பிள்ளைகள் ஓடினார்கள். அவள் பச்சை இல்லம். மூன்றாம் சுற்றிலேயே பின்தங்கிவிட்டாள். முதலாவது பிள்ளை நாடாவைத் தொட்டபோது இவளுக்கு முக்கால் சுற்று பாக்கி. கூட்டம் அடுத்த போட்டிக்குத் திரும்பிவிட்டது. அவள் நிற்கவில்லை. கையை வீசி, வாயைத் திறந்து, தனியாக ஓடி வந்து முடித்தாள். விளையாட்டு டீச்சர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் ஓடிவந்து, "மூணு நிமிஷம் முப்பத்தொண்ணு!" என்றாள். அதையும் எழுதிக்கொண்டேன். அத்தை கூட்டத்தில் சின்னப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

பரிசுகளை ஒன்றொன்றாகக் கொடுத்தேன். மூன்றாவது, இரண்டாவது, முதலாவது என்று படிமேடையில் ஏறி நிற்பார்கள். மெடலைக் கழுத்தில் போட்டு, சான்றிதழை இரண்டு கையாலும் கொடுத்து, படம் எடுக்கும் வரை சற்று நிற்க வேண்டும். சின்னதுகள் காலைத் தொட்டுக் கும்பிட்டன. எனக்கு என்ன செய்வது என்று தெரியாமல் தலையைத் தடவிவிட்டேன்.

பிறகு மைக்குக்கு முன்னால் போனேன். தாளை விரித்தேன். படித்தேன்.

"முதலாவது, ரெண்டாவது, மூணாவது வந்த பிள்ளைங்க எல்லாருக்கும் முதல்ல ஒரு நல்ல கைதட்டு குடுங்க. அது சும்மா வந்த வெற்றி இல்லை, பாடுபட்டு வந்தது. இன்னைக்குக் காலையில சாக்கைப் போட்டுத் தண்ணிய எடுத்தாங்களே, அந்தப் பிள்ளைங்க இல்லாட்டி ஒருத்தரும் ஓடியிருக்க முடியாது. நீல இல்லத்துப் பிள்ளை கோலைக் கீழ விட்டுச்சு. அழுகாம திரும்பிப் போய் எடுத்துச்சு. எடுத்துக்கிட்டுப் போய்க் குடுத்துச்சு. அதை நான் பாத்தேன்."

கை தட்டினார்கள். நீலக் கூடாரத்தில் அந்தச் சின்னப் பிள்ளையை இரண்டு பேர் தோளில் தூக்கினார்கள். அந்தப் பிள்ளை சிரித்தது. அதோடு நான் நின்றிருக்கலாம்.

அடுத்து அவளைப் பற்றிய வரி. பேரைச் சொன்னேன். தை மாசத்து நேரத்தைச் சொன்னேன். இன்றைய நேரத்தைச் சொன்னேன். யாரும் கை தட்டவில்லை. முப்பத்தொன்பது செக்கன் என்றால் என்ன என்று எங்கள் ஆட்களுக்கு எப்படித் தெரியும்? கொழுந்தை மடுவத்தில் நிறுத்துத்தான் எங்களுக்குப் பழக்கம். தராசில் கிலோ குறைந்தால் அரைப்பேர் என்று பாதிக் கூலிதான், எவ்வளவு நேரம் குனிந்தாய் என்று அங்கே யாரும் கேட்கமாட்டார்கள். அத்தை சின்னப் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். இது போய்ச் சேரவில்லை, இப்படியே விட்டால் பிள்ளை போய்விடுவாள் என்று எனக்குள் ஒரு பதற்றம் வந்தது.

தாளை மடித்துவிட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். எனக்குக் கூட்டத்தில் பேச வராது என்றேன். ஒரே ஒரு இடத்தில் மட்டும் வரும். சாவு வீட்டில். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் எனக்கு எங்கிருந்தோ சொல் வரும். எங்கள் தோட்டத்தில் ஒரு மனுஷியை ஊரறியப் புகழ்வது அவள் செத்த அன்றைக்குத்தான். எப்படிப் புகழ்வோம்? அவள் பட்ட பாட்டைச் சொல்வோம். பசியோடு மலை ஏறினாயே, கிழிந்ததைக் கட்டினாயே, பெற்றவர்கள் கைவிட்டார்களே என்று சொல்லித்தான் அழுவோம். எவ்வளவு துன்பம் சொல்கிறோமோ அவ்வளவு மரியாதை. எனக்குத் தெரிந்த பாராட்டு அது ஒன்றுதான்.

"இந்தப் பிள்ளைக்கு ஆத்தா பக்கத்துல இல்லைங்க" என்று ஆரம்பித்தேன். குரல் தானாகவே இழுத்தது. "குவைத்துக்குப் போனவ எட்டு மாசமா போன் எடுக்கலை. காசும் இல்லை, கடுதாசியும் இல்லை. பிள்ளை யாருக்கிட்டயும் சொல்லாம மனசுக்குள்ளயே வச்சிருக்கு. விடியக்காலையில பச்சைத் தண்ணியைக் குடிச்சிட்டு ஓடும். போட்டிருக்கே சப்பாத்து, அது யாரோ தூக்கிப்போட்டது. விரலுக்குப் பத்தாம முன்பக்கத்தை வெட்டிவிட்டுப் போட்டுக்கிட்டு ஓடுச்சு. இங்க ஓடின பிள்ளைங்கள்ல இம்புட்டுக் கஷ்டத்தோட ஓடின பிள்ளை வேற யாரு இருக்கு?"

பெண்கள் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. சேலையை வாயில் வைத்துக்கொண்டு ஒருத்தி விம்மினாள். அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் சொல்லி முடித்ததும் அப்படி ஒரு கைதட்டல். முதலாவது வந்தவர்களுக்குக்கூட அவ்வளவு இல்லை. போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்தேன். என் வாழ்நாளில் எனக்குக் கை தட்டியது அதுதான் முதல் தடவை. சந்தோஷமாகத்தான் இருந்தது. அதையும் மறைக்கக் கூடாது.

விளையாட்டு டீச்சர் மட்டும் கை தட்டவில்லை. பச்சை இல்லத்து வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முயற்சிச் சான்றிதழுக்குப் பேர் வாசித்தார்கள். கோலை எடுத்த பிள்ளை ஓடி வந்து வாங்கியது. பிறகு அவள் பேர். வரவில்லை. இன்னொரு தடவை வாசித்தார்கள். வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எல்லாரும் முதலில் அவள் காலைத்தான் பார்த்தார்கள். அவள் ஒரு காலால் மற்றக் காலை மறைத்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. செத்தவளைச் சுற்றி உட்கார்ந்து நாங்கள் பேசும்போது அவளால் எழுந்து பதில் சொல்ல முடியாதல்லவா. உயிரோடு நிற்கிற பிள்ளையை நான் அப்படி ஆக்கிவிட்டேன். மைக்கில் அடுத்த பேரை வாசித்தார்கள். பிறகு சிவப்பு இல்லத்துக்குக் கப் கொடுத்தேன். வரிசை கலைந்தது.

கூட்டம் முடிந்ததும் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். "அக்கா, ஊமை மாதிரி இருந்துக்கிட்டு என்னா பேச்சு!" என்றாள் ஒருத்தி. "எம் மகளும்தான் கஷ்டப்பட்டு ஓடினா, அவளைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே" என்று ஒருத்தி மனத்தாங்கலாகக் கேட்டாள். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி கையெடுத்துக் கும்பிட்டு, "முயற்சியைப் பாராட்டுறதுன்னா இப்படித்தான் பாராட்டணும்" என்றார். நான் அவளைத் தேடினேன். போயிருந்தாள்.

அன்று சாயங்காலம் அத்தை என் வாசலில் வந்து நின்றாள்.

"பச்சைத் தண்ணி குடிச்சிட்டு ஓடுதாம். அப்ப நான் திங்கக் குடுக்கலை, அப்படித்தானே?"

"அப்படிச் சொல்லலடி."

"பெறகு எப்படிச் சொன்னீங்க? வயித்துல ஏதாச்சும் இருந்தா ஓட முடியலைன்னு அவதான் வேணாம்பா. நான் ரொட்டி சுட்டு வச்சிட்டுத்தான் மலைக்குப் போறேன். எங்கண்ணன் பொண்டாட்டி போன் எடுக்காதது எனக்குத் தெரியாதா? அந்தப் பிள்ளை மானத்துக்காகத்தான் லயத்துல யாருக்கும் சொல்லாம வச்சிருந்தேன். கேக்கிறவங்ககிட்ட 'அவ அம்மா பேசிச்சு'ன்னு நானே பொய் சொல்லுவேன். நீங்க லவுட்ஸ்பீக்கர்ல போட்டுட்டீங்க."

அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திங்கட்கிழமை அவள் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். இரண்டு பேர் என் குரலைப் போலவே இழுத்து, "விரலுக்குப் பத்தாத சப்பாத்து..." என்று பாடிக்கொண்டு அவளுக்குப் பின்னால் போனார்கள். செவ்வாய்க்கிழமை ஒரு டீச்சர் நல்ல மனதோடு பழைய சப்பாத்து ஒரு சோடி கொண்டுவந்து வகுப்பில் எல்லார் முன்னாலும் கொடுத்தாராம். புதன்கிழமையிலிருந்து அவள் வரவில்லை. விடியற்காலையில் ரோட்டிலும் ஓடவில்லை. பீலிக்கரைக்கு நான் வருகிற நேரத்தை விட்டு வேறு நேரத்தில் வந்துபோனாள்.

விளையாட்டு டீச்சர் இரண்டு தடவை லயத்துக்கு வந்தாள். அடுத்த வருஷம் ஆயிரத்தைந்நூறு மீட்டர் ஓடலாம், நீண்ட ஓட்டம்தான் இவளுக்குச் சரிவரும் என்று அத்தையிடம் மன்றாடினாள். அத்தை, "ஓடி என்னத்தைக் கண்டுச்சு டீச்சர்? பிச்சைக்காரப் பேரு வாங்கினதுதான்" என்றாள். பிள்ளை உள்ளேயே இருந்தாள். திரும்பிப் போகும்போது டீச்சர் என் காம்பராவுக்கு வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. "நான்தான் அம்மா, நேரத்தை மட்டும் சொல்லச் சொல்லி எழுதினேன். அந்த நேரம்னா என்னான்னு கூட்டத்துக்குப் புரியிற மாதிரி எழுதிக் குடுத்திருக்கணும்" என்றாள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். ஆறவிட்டுவிட்டு எழுந்து போனாள்.

அவள் கொழும்புக்குப் போன அன்று காலை நான் ரோட்டுக்குப் போனேன். கொழும்பு வண்டி பிடிக்க, பதுளைக்குப் போகிற பஸ்ஸுக்கு அத்தையோடு நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு பை. பேசமாட்டாள் என்று தள்ளியே நின்றேன். அவளே வந்தாள்.

"அம்மாயி, நீங்க பொய் சொல்லியிருந்தீங்கன்னா பரவாயில்லை" என்றாள். "இல்லைன்னு சொல்லியிருப்பேன்."

"மன்னிச்சுக்கடி. உனக்கு நல்லது நெனச்சுத்தான்."

"தெரியும். அதான் உங்களை ஏசவும் முடியலை."

பஸ் வந்தது. ஏறிவிட்டாள். எந்தப் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அத்தை என்னோடு பேசுவதில்லை. பேசினாலும் கேட்க எனக்கு வாய் வராது. ஆனால் ஊரில் என் பேச்சை இன்னும் மறக்கவில்லை. மடுவத்தில், கோயிலில், எங்கே பார்த்தாலும் யாராவது அதைச் சொல்லிப் பாராட்டுகிறார்கள். அன்று அழுததைச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்படுகிறார்கள். போன மாதம் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்து அதிபர் ஆள் அனுப்பியிருந்தார். அவர்கள் விளையாட்டுப் போட்டிக்கும் நான் வந்து பேச வேண்டுமாம். வந்தவர் ஒரு சின்னப் பட்டியல் வைத்திருந்தார். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள், நோயாளிப் பிள்ளைகள் என்று பேர் குறித்து, பக்கத்தில் ஒவ்வொருவருடைய கஷ்டத்தையும் எழுதியிருந்தார்கள். "இதுல உங்களுக்குத் தோதானதா பாத்து எடுத்துக்கங்க அம்மா" என்றார்.

வரமுடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நான் போகாவிட்டால் வேறு யாராவது அந்தப் பட்டியலை வாசிப்பார்கள்.